கல்யாண போட்டோகிராபரின் அறிமுகக் குறிப்பு: எழுதும் முறை

கல்யாணத் தேதி குறித்ததும் வீட்டில் நாலைந்து போட்டோகிராபர்களின் பக்கங்களைத் திறந்து பார்ப்பார்கள். படங்களைப் பார்ப்பது பெண்ணும் மாப்பிள்ளையும். படங்களுக்குக் கீழே எழுதியிருப்பதை உட்கார்ந்து படிப்பது, பணம் கொடுக்கப்போகிற அப்பாவோ கல்யாண வேலைகளைத் தலையில் போட்டுக்கொண்டிருக்கும் அக்காவோதான். படங்கள் பிடித்துப்போன பிறகும் அவர்களுக்கு மூன்று சந்தேகங்கள் மிச்சமிருக்கும். எங்கள் கல்யாணம் ஆல்பத்தில் எப்படி இருக்கும்? எங்கள் வீட்டுச் சடங்குகள் இவருக்குத் தெரியுமா? தாலி கட்டுகிற நேரத்தில் கோட்டை விட்டுவிட மாட்டாரே? அறிமுகக் குறிப்பு என்று நாம் எழுதுவது இந்த மூன்றுக்கும் பதில். பாணி, அனுபவம், நிதானம் என்று இந்த வரிசையிலேயே எழுதிவிடலாம்.

இதில் நிதானம்தான் எழுதக் கடினமானது. "பதற்றமில்லாமல் பணியாற்றுவோம்" என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்த வாக்கியத்தைப் படித்து யாருக்கும் நம்பிக்கை வந்ததில்லை. நெருக்கடி எங்கே வரும் என்று உங்களுக்கு முன்பே தெரியும், அதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள் என்று காட்டினால்தான் நம்பிக்கை வரும். கீழே வரும் வழிமுறை தமிழ்நாட்டுக் கல்யாணங்களுக்குப் புதிதாகப் படமெடுக்க வந்தவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது.

முதலில் குறிப்பெடுங்கள்

நேராக எழுத உட்கார்ந்தால் "பொன்னான தருணங்கள்" என்றுதான் கை எழுதும். அதனால் முதல் வேலை எழுதுவதல்ல. கடைசியாக எடுத்த ஐந்து கல்யாணங்களின் கோப்புறைகளைக் கணினியில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து இல்லையென்றால் மூன்று போதும். நீங்கள் உதவியாளராகப் போன கல்யாணங்களும் சேர்த்திதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் சில விஷயங்களை எழுதுங்கள்: எந்த ஊர், எந்த மாதிரி மண்டபம், என்னென்ன சடங்குகள், குழுவில் எத்தனை பேர், அதில் உங்கள் வேலை என்ன, எந்த இடத்தில் சிக்கல் வந்தது, அப்போது என்ன செய்தீர்கள், படங்களை எத்தனை நாளில் கொடுத்தீர்கள்.

"உங்கள் வேலை என்ன" என்பதை மழுப்பாமல் எழுத வேண்டும். இப்போது பெரிய கல்யாணங்களில் டிரடிஷனல் போட்டோ, டிரடிஷனல் வீடியோ, கேண்டிட் போட்டோ, கேண்டிட் வீடியோ என்று நான்கு பேர் தனித்தனியாக நிற்கிறார்கள். மேடைக்கு ஏறி வரும் ஒவ்வொரு குடும்பத்தையும் மணமக்களோடு நிறுத்தி, மொய்க் கவரோடு ஒரு படம் விடாமல் எடுப்பது டிரடிஷனல்காரர் வேலை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டியின் முகத்தை எடுப்பது கேண்டிட்காரர் வேலை. வீட்டுக்காரர்களுக்கு இந்தப் பிரிவினை எல்லா நேரமும் தெரியாது. கேண்டிட் மட்டும் எடுப்பவரை அமர்த்திவிட்டு, "பெரியப்பா குடும்பம் மேடையில் நின்ற படம் எங்கே?" என்று பிறகு கேட்பார்கள். அந்தச் சண்டையைக் குறிப்பின் ஒரே வரியால் தவிர்க்கலாம்: நான் எடுப்பது இது, இதை எடுப்பதில்லை, வேண்டுமென்றால் கூட ஆள் வைத்துத் தருகிறேன்.

பாணியைப் பெயரால் சொல்லாதீர்கள், செய்கையால் சொல்லுங்கள்

"கேண்டிட்", "சினிமாட்டிக்", "ஃபைன் ஆர்ட்" என்ற சொற்கள் எல்லார் பக்கத்திலும் இருக்கின்றன. தேடுகிறவர் கண்டுபிடிப்பதற்காக அவற்றில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது உங்கள் பாணியைச் சொல்லிவிட்டதாக நினைக்க வேண்டாம். உங்கள் ஐந்து கோப்புறைகளையும் மறுபடி பார்த்து நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். வெளிச்சத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? மனிதர்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள்? அவர்களை நிறுத்தி வைத்து எடுக்கிறீர்களா, நடப்பதை எடுக்கிறீர்களா? பிறகு நிறத்தை என்ன செய்கிறீர்கள்?

இவற்றில் கடைசிக் கேள்வியை நம் ஊரில் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆல்பத்தில் முகத்தை வெளுப்பாக்குவது பல இடங்களில் கேட்காமலே நடக்கிறது. மாநிறப் பெண் ஒருத்தி தன் கல்யாண ஆல்பத்தில் தன்னையே அடையாளம் தெரியாமல் பார்ப்பது எத்தனை பெரிய வருத்தம் என்று அந்த இடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். நீங்கள் தோல் நிறத்தை மாற்றுவதில்லை என்றால் அதைக் குறிப்பில் எழுதுங்கள். "முகத்தின் நிறத்தை மாற்றுவதில்லை, புடவையின் அரக்குச் சிவப்பு ஆல்பத்திலும் அரக்குச் சிவப்பாகவே இருக்கும்" என்ற ஒரு வரி, பாணியைப் பற்றிய பத்துப் பெயரடைகளைவிட அதிகம் சொல்கிறது. அதைப் படித்து விலகிப்போகிறவர்களும் இருப்பார்கள். அவர்கள் உங்களிடம் வந்திருந்தால் திருத்தச் சொல்லி நாலு முறை ஆல்பத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

வெளிச்சத்தையும் இப்படியே எழுதலாம். "இயற்கையான ஒளியில்" என்று எழுதினால் அது கல்யாண மண்டபத்தில் பொருந்தாது. அதிகாலை முகூர்த்தத்தில் ஜன்னலுக்கு வெளியே இருட்டாக இருக்கும், உள்ளே மேடையின் மஞ்சள் விளக்கும் வீடியோ லைட்டின் வெள்ளையும் கலந்து கிடக்கும். "மண்டபத்தில் இருக்கிற விளக்குகளையே பயன்படுத்துகிறேன், தேவைப்படும் இடத்தில் மட்டும் ஒரு சிறிய ஃபிளாஷ், அதுவும் முகத்தில் நேராக அடிக்காமல்" என்று எழுதினால் படிப்பவருக்குப் புரியும், பொய்யும் இல்லை. கேமராவின் மாடல், லென்ஸின் பெயர் இவை வேண்டாம். படிக்கிறவருக்கு அதில் எதுவும் தெரிவதில்லை. தெரிந்தவர் படத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

பாணிக்கு மூன்று வாக்கியங்களுக்கு மேல் தேவையில்லை. எழுதிய பிறகு அந்த மூன்று வாக்கியங்களையும் உங்கள் பக்கத்தின் முதல் ஒன்பது படங்களோடு ஒப்பிடுங்கள். தள்ளி நின்று எடுப்பதாக எழுதிவிட்டு, ஒன்பதில் ஆறு படங்கள் கடற்கரையில் மணமக்களை நிறுத்தி வைத்து எடுத்தவையாக இருந்தால், வாக்கியத்தையோ படத்தையோ மாற்ற வேண்டும்.

அனுபவத்தை எண்ணிக்கையில் அடக்காதீர்கள்

"7 வருட அனுபவம்" என்று எழுதினால் அடுத்த வருடம் அது தவறாகிவிடும், யாரும் திருத்தவும் மாட்டார்கள். "2018 முதல்" என்று எழுதுங்கள். அது எப்போதும் சரியாக இருக்கும். "500க்கும் மேற்பட்ட கல்யாணங்கள்" என்பதில் இன்னொரு சிக்கல். வருடத்தில் முகூர்த்த நாட்கள் எத்தனை என்று ஒவ்வொரு வீட்டிலும் பஞ்சாங்கத்தையோ நாள்காட்டியையோ பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தனியாளாக மூன்று வருடத்தில் 500 கல்யாணம் என்றால் அவர்கள் மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

எண்ணிக்கையைவிட எந்தெந்தச் சடங்குகளை எடுத்திருக்கிறீர்கள் என்பது அதிகம் பேசும். ஊஞ்சலும் காசி யாத்திரையும் நடக்கும் கல்யாணத்தில், மாப்பிள்ளை குடையும் தடியுமாகக் கிளம்பும்போது பெண்ணின் அப்பா எந்தப் பக்கத்திலிருந்து வந்து மறிப்பார் என்று தெரியாதவர் முதுகைத்தான் படமெடுப்பார். தேவாலயத் திருமணத்தில் பீடத்துக்கு அருகே போகலாமா, ஃபிளாஷ் அடிக்கலாமா என்பதைப் பாதிரியாரிடம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபர்தான் வர வேண்டும் என்பார்கள் பலர். உங்கள் குழுவில் பெண் உண்டா என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. ஆகவே, நன்றாகத் தெரிந்த சடங்குகள் இரண்டு மூன்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். சாதிப் பெயரைச் சொல்லி எழுதுவதைவிட இது நல்லது. சடங்கின் பெயரைக் கண்டதும் அந்த வீட்டுக்காரர்களுக்குப் புரிந்துவிடும், மற்றவர்களை வெளியே நிறுத்தவும் செய்யாது.

அனுபவம் குறைவு என்றால் குறைவையே சரியாகச் சொல்லுங்கள். "இரண்டு ஆண்டுகள் ஒரு ஸ்டூடியோவில் இரண்டாம் கேமராவாக இருந்தேன், இந்த ஆண்டு முதல் தனியாக எடுக்கிறேன்" என்பது கௌரவமான வரிதான். அதை மறைத்து, ஸ்டூடியோவின் பெயரில் எடுத்த படங்களை உங்களுடையவையாகப் போட்டால் இரண்டு ஆபத்துகள். அந்தப் படங்களை வெளியிட உங்களுக்கு அனுமதி இருக்காது. அந்த அளவுக்குத் தனியாக எடுத்துக் கொடுக்கவும் முதல் கல்யாணத்திலேயே முடியாமல் போகலாம்.

எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதும் அனுபவத்தில் அடக்கம். "தமிழ்நாடு முழுவதும்" என்பதைவிட "தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை" என்பது கனமானது. தேடுபொறியில் ஊர்ப் பெயரோடுதான் தேடுகிறார்கள். அந்தப் பக்கத்து மண்டபங்கள் உங்களுக்குப் பழக்கம் என்ற தைரியமும் அதிலேயே வந்துவிடுகிறது.

நிதானத்தைக் காட்டும் வரிகள்

கல்யாணத்தில் எதை வேண்டுமானாலும் திரும்பச் செய்யச் சொல்லி எடுக்கலாம், தாலி கட்டுவதைத் தவிர. கெட்டிமேளம் உயரும், உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், நாலாபக்கமிருந்தும் அட்சதை விழும், முன்வரிசையில் கைபேசிகள் உயரும், ஹோமப் புகை வேறு. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் அவருடைய சகோதரி போடுவது பல வீடுகளில் வழக்கம். எல்லாம் சில நொடிகள். அந்த நொடிகளில் வீடியோக்காரர் குறுக்கே வந்துவிட்டார் என்பது படம் கிடைக்காததற்கான காரணமாக இருக்கலாம், ஆனால் அந்த வீட்டுக்குப் படம் இல்லை.

இதை முன்கூட்டியே தெரிந்தவர் என்ன செய்வார்? முந்தின நாள் மாலை வரவேற்பு நடக்கும்போதே மேடையைப் பார்த்து, காலையில் எங்கே நிற்பது என்று முடிவு செய்வார். வீடியோக்காரரிடம், "நீங்கள் இடப்பக்கம், நான் வலப்பக்கம்" என்று பேசிவைப்பார். புரோகிதரிடம் போய், தாலியைக் கையில் எடுக்கும்போது ஒரு பார்வை பார்க்கும்படி கேட்டுக்கொள்வார். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மேடையிலும் இன்னொருவர் மேடைக்கு எதிரே ஸ்டூலின் மேலும் நிற்பார்கள். ஒரு பக்கம் மறைந்தாலும் மறுபக்கம் கிடைக்கும். இந்த ஏற்பாடுகள்தான் நிதானம். உங்களுடைய ஏற்பாட்டை இரண்டு வாக்கியத்தில் எழுதினால், "நிதானம்" என்ற சொல்லே இல்லாமல் படிப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

அடுத்த பயம், படங்கள் தொலைந்து போவது. கார்டு கெட்டுப்போய்க் கல்யாணமே இல்லாமல் போன கதை ஒவ்வோர் ஊரிலும் ஒன்று இருக்கும். உங்கள் கேமராவில் இரண்டு கார்டு வைக்கும் வசதி இருந்து, இரண்டிலும் ஒரே படம் பதிவாகும்படி வைத்திருந்தால் அதை எழுதுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. இரண்டு இடம் இருக்கும் கேமராக்களிலும் ஒரு கார்டு நிரம்பியதும் மற்றதுக்குப் போகும்படி அமைத்திருந்தால் அது நகல் ஆகாது. அமைப்பில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன்பே மடிக்கணினிக்கோ தனி வட்டுக்கோ ஒரு நகல் எடுப்பீர்கள் என்றால் அதையும் சேர்க்கலாம். உங்கள் உபகரணப் பையில் இருக்கும் ஒழுங்கு வாடிக்கையாளருக்குத் தெரிவது இந்த ஒரு வரியில்தான்.

மூன்றாவதை நிறையப் பேர் எழுதத் தவறுகிறார்கள்: கல்யாணத்துக்கு யார் வருவார்? பெரிய முகூர்த்த நாளில் ஒரே பெயரில் மூன்று கல்யாணங்களை ஒப்புக்கொண்டு, இரண்டுக்கு வேறு ஆட்களை அனுப்புகிற வழக்கம் இருக்கிறது. வீட்டுக்காரர்களுக்கு இது தெரியும், கேட்கத்தான் கூச்சம். "ஒரு முகூர்த்தத்தில் ஒரு கல்யாணம்தான், நானே வருவேன்" என்று எழுத முடிந்தால், அது உண்மையாகவும் இருந்தால், குறிப்பின் மிக வலுவான வரி அதுவே.

சிக்கலைச் சமாளித்த கதையை எழுதலாமா? எழுதலாம், ஒரு நிபந்தனையோடு. "மாப்பிள்ளை வீட்டார் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தும் நான் சமாளித்தேன்" என்று எழுதினால், படிக்கிற அப்பாவுக்கு நாளைக்குத் தன் வீட்டைப் பற்றியும் இவர் இப்படித்தான் எழுதுவார் என்று தோன்றும். குற்றம் யார் மேலும் விழாதபடி, உங்கள் செய்கையை மட்டும் எழுதுங்கள்: "மின்சாரம் போய் ஜெனரேட்டர் வரும்வரை எங்கள் பேட்டரி விளக்கில் மாலை மாற்றும் படங்களை எடுத்தோம்." மண்டபத்தின் பெயரோ குடும்பத்தின் பெயரோ வேண்டாம். மின்சாரம் யாருடைய குற்றமும் இல்லை, அதனால் இந்த மாதிரி நிகழ்வு பாதுகாப்பானது. அப்படி எதுவும் உங்களுக்கு நடக்கவில்லையென்றால் கற்பனை செய்ய வேண்டாம்; ஏற்பாட்டைச் சொன்னாலே போதும்.

"எந்தச் சூழ்நிலையிலும் தவறவிட மாட்டோம்" என்ற உறுதிமொழியைத் தொடவே கூடாது. ஒரு படம் தவறினாலும் அந்த வரியைத்தான் திருப்பிக் காட்டுவார்கள்.

ஒரு குறிப்பைத் திருத்திப் பார்ப்போம்

கும்பகோணத்தில் இருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் எழுதியது இப்படி இருக்கும்:

> புகைப்படக்கலையின் மீது தீராத காதல் கொண்டவன் நான். உங்கள் வாழ்வின் பொன்னான தருணங்களை என்றும் அழியாத நினைவுகளாக மாற்றுவதே என் லட்சியம். 7 வருட அனுபவம். கேண்டிட், டிரடிஷனல், ப்ரீ வெட்டிங், ட்ரோன், பேபி ஷூட் அனைத்தும் செய்து தரப்படும். எந்த நெருக்கடியிலும் பதற்றமின்றிப் பணியாற்றுவோம். தரமான சேவை, நியாயமான விலை.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஊர் இல்லை, யார் வருவார் என்று இல்லை, படம் எப்போது கைக்கு வரும் என்று இல்லை. முதலில் "நான்" என்று ஆரம்பித்தது நடுவில் "செய்து தரப்படும்" என்று மாறி, கடைசியில் "பணியாற்றுவோம்" என்று முடிகிறது. தனியாளா நிறுவனமா என்ற குழப்பம் படிப்பவருக்கு வரும். அனுபவத்தைச் சொல்லும் வரியைத் தவிர மற்ற ஒவ்வொரு வாக்கியத்தையும் வேறொரு போட்டோகிராபரின் பெயருக்குக் கீழே ஒட்டிப் பாருங்கள், அங்கேயும் பொருந்தும். அப்படிப் பொருந்துகிற வாக்கியத்தை நீக்கிவிடலாம் என்பதுதான் திருத்தும்போது வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே விதி. இங்கே "7 வருட" என்பது மட்டும் மிஞ்சும். அவருடைய குறிப்புத் தாளிலிருந்து எடுத்து மறுபடி எழுதினால்:

> கும்பகோணத்தில் இருக்கிறேன். தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்துக் கல்யாணங்களுக்குக் கேண்டிட் படங்கள் எடுக்கிறேன். 2016 முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு ஸ்டூடியோவில் மேடைப் படங்கள் எடுத்தேன். 2018 முதல் தனியாக.
>
> நடப்பதைத் தள்ளி நின்று எடுப்பது என் வழக்கம். சடங்கு நடக்கும்போது யாரையும் "இங்கே பாருங்க" என்று கூப்பிடுவதில்லை. குடும்பப் படங்களுக்காகத் தாலி கட்டிய பிறகு அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்வேன். முகத்தின் நிறத்தை மாற்றுவதில்லை.
>
> ஊஞ்சலும் காசி யாத்திரையும் உள்ள கல்யாணங்கள், தேவாலயத் திருமணங்கள் இரண்டும் பழக்கம். முந்தின நாளே மண்டபத்தைப் பார்த்து, தாலி கட்டும்போது நிற்க வேண்டிய இடத்தை வீடியோக்காரரோடு பேசி வைத்துவிடுவேன். என்னோடு ஒரு பெண் போட்டோகிராபரும் வருவார்; ஒருவர் மேடையில் இருந்தால் இன்னொருவர் எதிரே இருப்பார். ஒவ்வொரு படமும் இரண்டு கார்டுகளில் பதிவாகிறது, மண்டபத்திலேயே மூன்றாவது நகலும் எடுக்கிறோம்.
>
> ஒரு முகூர்த்தத்தில் ஒரு கல்யாணம்தான். 10 நாளில் 50 படங்களும் 45 நாளில் எல்லாப் படங்களும் தருகிறேன். மேடையில் ஒவ்வொரு குடும்பத்தையும் நிறுத்தி எடுக்க வேண்டுமென்றால் அதற்கு ஒருவரைச் சேர்த்து அழைத்து வருகிறேன்.

"லட்சியம்", "தரம்", "பதற்றம்" எதுவும் இல்லை. விலையும் இல்லை. நியாயமான விலை என்று எழுதினால் மலிவு என்றுதான் படிப்பார்கள், பேரம் பேசத் தயார் என்றும் எடுத்துக்கொள்வார்கள். தொகையைச் சொல்வதானால் தனிப் பக்கத்தில் தெளிவாகச் சொல்லுங்கள்; இல்லையென்றால் குறிப்பில் அந்தப் பேச்சே வேண்டாம்.

10 நாள், 45 நாள் என்ற எண்களை உங்கள் பழைய ஐந்து கல்யாணங்களில் மிக அதிகமாகத் தாமதமானதைப் பார்த்து எழுத வேண்டும், மிக வேகமாகக் கொடுத்ததைப் பார்த்து அல்ல. வைகாசி, ஆவணி, தை மாதங்களில் வேலை ஒன்றின் மேல் ஒன்றாக விழும்போது தாங்குகிற எண்ணாக அது இருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் எங்கே "அப்படின்னா?" என்று கேட்கிறாரோ அங்கே தொழில் சொல் புகுந்துவிட்டது என்று பொருள்.

சிறிய இடங்களுக்குச் சுருக்குவது

மேலே உள்ளது உங்கள் இணையதளத்துக்கும், வாட்ஸ்அப்பில் விசாரிப்பவருக்கு அனுப்பும் கோப்புக்கும். இன்ஸ்டாகிராமில் 150 எழுத்துகள்தான் இடம். தமிழில் எழுதும்போது இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கணினிக் குறியீட்டில் "கு" என்பது "க" ஒன்று, உகரக் குறி ஒன்று என்று இரண்டு இடம் எடுக்கும். புள்ளி வைத்த எழுத்தும் அப்படியே. "புகைப்படம்" நமக்கு ஆறு எழுத்து, குறியீட்டில் பத்து. ஆகவே 150 என்பதைத் தமிழில் 90 சொச்சம் எழுத்தாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

> கும்பகோணம் | கல்யாண கேண்டிட் படங்கள்
> இருக்கிற வெளிச்சத்தில், தள்ளி நின்று
> 2018 முதல் • பெண் போட்டோகிராபரும் உண்டு
> மண்டபத்தை முன்பே பார்ப்போம்

இது குறியீட்டுக் கணக்கில் 141 வரும். ஊர், வேலை, பாணி, அனுபவம் நான்கும் வந்துவிட்டன. கடைசி வரியின் மூன்று சொற்கள் நிதானத்துக்கு. கைபேசி எண்ணுக்கு இங்கே இடம் செலவழிக்க வேண்டாம், தொழில்முறைக் கணக்கில் தொடர்புக்கான பொத்தானைத் தனியாக வைக்கலாம். பெயர் எழுதும் கட்டத்தில் உங்கள் பெயரோடு "கும்பகோணம் வெட்டிங் போட்டோகிராபர்" என்று சேர்த்துக்கொண்டால், அப்படித் தேடுபவர்களின் கண்ணில் படும்.

கூகுள் வணிகப் பக்கத்தில் விவரிப்புக்கு 750 எழுத்துகள். மேலே உள்ள நீண்ட குறிப்பு அதில் முழுதாக அடங்காது. ஊர் சொல்லும் முதல் பத்தியையும், ஏற்பாடுகள் சொல்லும் மூன்றாவது பத்தியையும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம், பாணியைத்தான் அங்கேயே ஏற்றியிருக்கும் படங்கள் காட்டுமே. அங்கே இணைப்பு போடுவதும் சலுகை அறிவிப்பதும் கூகுளின் விதிகளுக்குப் புறம்பானவை.

கல்யாண ஏற்பாட்டாளர்களுக்கு

நீங்கள் படம் எடுப்பவர் அல்ல, கல்யாணத்தை நடத்திக் கொடுப்பவர் என்றால் முறை அதேதான், நெருக்கடி வரும் இடங்கள் வேறு. அலங்காரக்காரர் மேடையை எத்தனை மணிக்கு ஒப்படைக்கிறார், பந்தியில் எதிர்பார்த்ததைவிட நூறு பேர் கூடினால் யார் முடிவெடுப்பது, நாதஸ்வரக் குழு வரத் தாமதமானால் யாரை அழைப்பது, மண்டபத்தை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்று உங்கள் வேலை முழுக்க நேரத்தில்தான் இருக்கிறது. அதனால் உங்கள் குறிப்பில் பாணிக்கு ஒரு வாக்கியம் போதும். மீதியில் யார் யாரைக் கூட்டி வருகிறீர்கள், முகூர்த்தத்தன்று மண்டபத்தில் உங்கள் ஆட்கள் எத்தனை பேர், பெண்ணின் அப்பா எந்த ஒரு நபரை மட்டும் அழைத்தால் போதும் என்பவற்றை எழுதுங்கள். அந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் அவர் பணம் கொடுக்கிறார்.

எப்போது மாற்றி எழுதுவது

அழைத்து விசாரிப்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால், பதில் குறிப்பில் இல்லை, அல்லது கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. "ஆல்பம் எத்தனை பக்கம்?" என்று கேட்பவர்கள் அதிகமானால் அதற்கு அரை வரி ஒதுக்குங்கள்; யாருமே கேட்காத, யாரும் குறிப்பிட்டுப் பேசாத வரி ஒன்றை அதற்காக எடுத்துவிடுங்கள்.

இந்து வீடுகளில் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் வைப்பதில்லை என்பதால் அந்த இரண்டு மாதங்கள் இந்த வேலைக்குத் தோதானவை. குழுவில் இருந்த பெண் போட்டோகிராபர் வேறு இடம் போயிருக்கலாம், 45 நாள் 60 ஆகியிருக்கலாம், இரண்டு கார்டு வசதி இல்லாத கேமராவை இரண்டாம் கேமராவாகச் சேர்த்திருக்கலாம். குறிப்பில் சொன்ன ஒவ்வோர் ஏற்பாடும் இன்றைக்கும் உண்மைதானா என்று வரி வரியாகப் பார்த்து, மாறியதை அன்றே மாற்றி, இணையதளம், இன்ஸ்டாகிராம், கூகுள், வாட்ஸ்அப் நான்கிலும் ஒரே தகவல் இருக்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள்.